காசி சுற்றுலா ரயிலுக்குப் பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசி, கயா, பிரயாக்ராஜ், அயோத்தி என்று நான்கு ஊர்களைச் சேர்த்து, "9 இரவு 10 பகல், எல்லாம் உட்பட" என்று வரும் விளம்பரத்தைப் பார்த்ததும் பலர் முதலில் செய்வது, அந்தத் தொகையைச் சாதாரண ரயில் கட்டணத்தோடு ஒப்பிடுவது. சென்னையிலிருந்து காசிக்கு ஸ்லீப்பரில் ஒரு வழிக்கு ஆயிரம் ரூபாய்க்குள்தான் ஆகிறது, இவர்கள் 20,000 கேட்கிறார்களே என்று சிலர் விலகிவிடுவார்கள். எல்லாம் அதிலேயே அடங்கும் என்று நம்பிச் சிலர் கையில் பணமில்லாமல் கிளம்புவார்கள். கட்டணம் எப்படிச் சேர்கிறது என்று தெரிந்தால் இரண்டு தவறும் நேராது.

பாரத் கௌரவ் என்ற பெயரில் 2021 நவம்பரில் ரயில்வே அறிவித்த திட்டத்தில், ஐஆர்சிடிசியோ தனியார் நிறுவனமோ ஒரு முழு ரயிலையே வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறது. இத்திட்டத்தின் முதல் தனியார் ரயில் 2022 ஜூனில் கோவையிலிருந்து சீரடிக்குப் போனது. பயணத் திட்டத்தையும் கட்டணத்தையும் ஓட்டுபவரே முடிவு செய்துகொள்ளலாம். ரயில்வேக்கு அவர் கட்டுவது, ரயிலைப் பயன்படுத்தும் உரிமைக்கும், ஓடும் தூரத்துக்கும், நீங்கள் கோயிலில் இருக்கும்போது ரயில் நின்று காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து. விற்காத பெர்த்துகளின் செலவும் விற்ற பெர்த்துகளின் தலையில்தான் விழும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்பவை. ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவருக்கு 20,000 ரூபாய் என்றால், அதற்குள் 5 சதவீத ஜிஎஸ்டி மட்டும் ஏறக்குறைய 950. பத்து நாள் மூன்று வேளைச் சாப்பாடும் காபியும் 3,500. மூன்று இரவு விடுதியில் ஆளுக்கு 700 வீதம் 2,100. இரண்டு இடங்களில் குளிக்க மட்டும் அறை, 600. நான்கு நாள் பேருந்து 2,000. கூட்டினால் 9,150. மீதி 10,850 ரூபாயில்தான் ரயில் வாடகை, பெட்டிக் காவலர், மேலாளர், காப்பீடு, நிறுவனத்தின் லாபம் எல்லாம் அடங்க வேண்டும்.

அதே பயணத்தை நீங்களே ரயில் பதிவு செய்து, அறை எடுத்து, ஆட்டோவில் சுற்றினால் பத்தாயிரத்துக்குள் முடித்துவிடலாம். ஆக, கூடுதலாகக் கொடுக்கும் பத்தாயிரம், இந்தி தெரியாமல் அலையாமல் இருப்பதற்கும், நான்கு ஊருக்கும் ரயில் மாறாமல் போவதற்கும், நம் சாப்பாடு நேரத்துக்குக் கிடைப்பதற்கும். அறுபது வயதைத் தாண்டிய பெற்றோர் தனியாகப் போகிறார்கள் என்றால் அது நியாயமான விலை. ஓடியாடக்கூடிய இளம் தம்பதிக்கு அது தேவையில்லாத செலவு என்பதே எங்கள் கருத்து.

ஒன்பது இரவு என்றால் ஒன்பது இரவு அறை அல்ல

மேலே உள்ள கணக்கில் விடுதி இரவுகள் மூன்றுதான் என்பதைக் கவனித்திருப்பீர்கள். மற்ற ஆறு இரவும் உங்கள் பெர்த்தில்தான் தூக்கம். பயணத் திட்டத்தை நாள் வாரியாக எடுத்து, ஒவ்வொரு இரவுக்கும் எதிரே ரயிலா விடுதியா என்று பேனாவால் குறித்துவிடுங்கள். "Wash & Change" என்று போட்டிருந்தால் சில மணி நேரத்துக்கு ஓர் அறையைப் பலரோடு பகிர்ந்து குளித்து உடை மாற்றலாம், அவ்வளவுதான். மூட்டுவலி உள்ளவருக்கு இந்தக் கணக்கு மிக முக்கியம். கீழ் பெர்த் தேவை என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள்.

வகுப்பைத் தேர்வு செய்வதும் பெட்டியை மட்டும் பொறுத்ததல்ல. பல தொகுப்புகளில் ஸ்லீப்பர் வாங்கினால் விடுதி அறையும் பேருந்தும்கூட ஏசி இல்லாதவையாக இருக்கும். மே மாதக் காசி வெயிலில் அதைத் தாங்க முடியுமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

"Exclusions" பகுதியைப் படிக்காமல் விடுவது

www.irctctourism.com தளத்தில் ஒவ்வொரு தொகுப்பின் கீழும் இந்தப் பகுதி இருக்கும். நுழைவுக் கட்டணம், படகு, வழிகாட்டி, கூடுதல் குடிநீர், டிப்ஸ் ஆகியவை பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. காசிப் பயணத்தில் இது பெரிய தொகையாகும். கயாவில் விஷ்ணுபாதம் கோயிலில் பிண்டம் போட்டால் புரோகிதர் தட்சணையும் பொருள் செலவும் தனி. திரிவேணி சங்கமத்தில் படகு தனி. காசியில் பெரிய பேருந்துகள் கோயில் சந்துகள் வரை போகாது; கோதவுலியா பக்கம் போக ஆட்டோவோ மின்ரிக்‌ஷாவோ பிடிக்க வேண்டிவரும், அல்லது நடக்க வேண்டும். விசுவநாதர் கோயில் கட்டண தரிசனச் சீட்டும் "தரிசனம்" என்ற ஒற்றைச் சொல்லில் அடங்குவதில்லை. இவற்றுக்கெல்லாம் ஆளுக்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் வரை கையில் வைத்திருப்பது நல்லது.

சாதாரண முன்பதிவின் விதிகளை இங்கே எதிர்பார்ப்பது

பணம் போவது பெரும்பாலும் இங்கேதான். சாதாரண ஸ்லீப்பர் டிக்கெட்டை முன்கூட்டியே ரத்து செய்தால் 120 ரூபாய் போகும். சுற்றுலா ரயிலில் ரத்துக் கட்டணம் தொகுப்பின் முழு விலை மீது. ஐஆர்சிடிசியின் பாரத் கௌரவ் தொகுப்புகளில் வழக்கமான விதி இது: புறப்படும் நாளுக்கு 15 நாள் முன்பு வரை ஆளுக்கு 250 ரூபாய்; 8 முதல் 14 நாளுக்குள் 25 சதவீதம்; 4 முதல் 7 நாளுக்குள் பாதி; அதற்குப் பின் ஒரு பைசாவும் திரும்பாது. ஆளுக்கு 20,000 வீதம் ஒரு தம்பதி 40,000 கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் முன்பு ரத்து செய்தால் 10,000 நஷ்டம், ஐந்து நாள் முன்பு என்றால் 20,000. ஒருவர் மட்டும் ரத்து செய்தாலும் சிக்கல்தான்: மற்றவர் தனி அறைக்கான கூடுதல் தொகையைக் கட்ட வேண்டியிருக்கலாம், அல்லது அறிமுகமில்லாத ஒருவரோடு தங்க வேண்டியிருக்கலாம். தனியார் நிறுவனங்களின் விதி வேறாக இருக்கும். அதைக் கையில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

குழந்தைக் கட்டணத்திலும் ஏமாற்றம் வரும். சாதாரண ரயிலில் 5 முதல் 11 வயதுக் குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம். சாப்பாடும் பேருந்து இருக்கையும் சேர்ந்த தொகுப்பில் அந்தக் கட்டணம் பெரியவர் கட்டணத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். இடையில் ஏறுபவருக்கும் பெரும்பாலும் குறைப்பு கிடையாது. விஜயவாடாவில் ஏறினாலும் அதே தொகைதான்.

முழு ரயிலா, சாதாரண ரயிலில் சில இருக்கைகளா

உள்ளூர் முகவர்கள் விற்கும் "ரயில் யாத்திரை" பெரும்பாலும் இரண்டாவது வகை. வழக்கமான ரயிலில் டிக்கெட் போட்டு, காசியில் சத்திரமும் வேனும் ஏற்பாடு செய்து தருவார்கள். அதில் தவறில்லை, விலையும் குறைவு. ஆனால் 2024 நவம்பர் முதல் சாதாரண முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஐந்து மாதம் முன்பே "உங்கள் டிக்கெட் கன்ஃபார்ம்" என்று ஒரு முகவர் சொன்னால் அவர் கையில் இன்னும் டிக்கெட் இல்லை. சிறு முன்பணம் மட்டும் கொடுங்கள். உங்கள் பெயரிலும் வயதிலும் பிஎன்ஆர் எண் வந்து, அதை நீங்களே சரிபார்த்து, காத்திருப்புப் பட்டியலில் இல்லை என்று உறுதியான பிறகு மீதியைக் கொடுங்கள். வேறொருவர் பெயரிலுள்ள டிக்கெட்டில் போகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பரிசோதகர் அடையாள அட்டை கேட்டால் டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவீர்கள். இரண்டு வழிக்கும் பிஎன்ஆர் கேளுங்கள். போகும் டிக்கெட்டைக் காட்டிவிட்டு, திரும்பும் டிக்கெட்டைக் கடைசி வரை காத்திருப்பில் வைத்திருப்பதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு.