முப்பத்திரண்டு எண்ணிக்கையில் ஓர் ஏரோபிக் நடனம்: 13–16 வயதினருக்கு அமைக்கும் முறை

நாலு நிமிடப் பாட்டு ஒன்று, சுமார் 20 மாணவர்கள், பள்ளிக்கூட ஹால். இதை மனதில் வைத்துக்கொண்டு, நான்கு எட்டுகளால் ஆன ஒரு தொகுப்பை முழுவதுமாக அமைப்போம். ஓர் எட்டு என்பது எட்டு தாளத் தட்டுகள். நான்கு எட்டு சேர்ந்தால் 32. நடனத்துக்கு ஏற்ற பெரும்பாலான பாட்டுகளில் மெட்டு ஏறக்குறைய இந்த அளவில்தான் ஒரு சுற்று வந்து முடிகிறது. அதனால் ஸ்டெப்புகளையும் 32-க்கு முடித்துவிட்டால், பாட்டு புதிதாகத் தொடங்கும் இடத்திலேயே ஆட்டமும் புதிதாகத் தொடங்கும்.

முதலில் பாட்டை எண்ணுங்கள்

பாட்டைப் போட்டு நின்ற இடத்திலேயே நடந்து பாருங்கள். கால் தானாக எங்கே விழுகிறதோ, அதுதான் ஒரு தட்டு. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 15 விநாடியில் எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணுங்கள். சரியாக 32 வந்தால் அது நிமிடத்துக்கு 128 தட்டு வேகம். பழகாதவர்களுக்கு இந்த வேகத்தைத்தான் நான் முதலில் தேர்ந்தெடுப்பேன். ஒரு தொகுப்பு 15 விநாடியில் முடியும், வலம் இடம் இரண்டும் அரை நிமிடத்தில் முடியும். 140-ஐத் தாண்டினால் குறுக்குக்கால் போடும் ஸ்டெப்புகள் குலையும். 120-க்குக் கீழே போனால் குதிக்கும்போது அடுத்த தட்டுக்காகக் காத்திருக்க வேண்டிவரும், ஆட்டம் தொய்ந்துவிடும். பிடித்த பாட்டு 134-ல் இருந்தால், சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் செயலியில் ஐந்து சதவீதம் குறைத்தால் போதும்.

குத்துப் பாட்டு என்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பறையோ தவிலோ பின்னியெடுக்கும் பாட்டில் சின்ன அடிகளையெல்லாம் எண்ணினால் கணக்கு எங்கேயோ போய்விடும். ஒரு தட்டுக்குள் 'தகிட' என்று சொல்லிப் பாருங்கள். பொருந்தினால் அது திஸ்ர நடை. 'தகதிமி' பொருந்தினால் சதுஸ்ர நடை. எதுவானாலும் கால் விழுவது 'த' மேல் மட்டும்தான். திஸ்ர நடைப் பாட்டிலும் எட்டு எட்டாக ஆடலாம். துள்ளல்தான் கொஞ்சம் வேறுமாதிரி இருக்கும்.

அடுத்தது ஒன்றாவது தட்டைப் பிடிப்பது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எட்டு வரை எண்ணி, அடுத்த எட்டை 'ரெண்டு, ரெண்டு, மூணு…' என்றும், அதற்கடுத்ததை 'மூணு, ரெண்டு, மூணு…' என்றும் தொடங்குங்கள். முதல் எண்ணே எத்தனையாவது எட்டு என்று சொல்லிவிடும். தாளில் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கோடு போட்டு, நாலு கோட்டுக்கு ஒரு இடைவெளி விடுங்கள். பாட்டு முழுவதும் இப்படிப் போட்டால் ஒரு வரைபடம் கிடைக்கும்: முன்னிசை 4 எட்டு, பல்லவி 8, இடையிசை 4, சரணம் 8 என்பது போல. நாலு நிமிடப் பாட்டு 128 வேகத்தில் 64 எட்டு வரும்.

சினிமாப் பாட்டில் எல்லா இடமும் இப்படிச் சமமாக அமையாது. இடையிசை முடிந்து சரணம் எடுக்கும் இடத்தில் நாலு தட்டு கூடுதலாக நிற்பதைப் பல பாட்டுகளில் பார்க்கலாம். அந்த இடத்தில் தாளில் '+4' என்று எழுதிவையுங்கள். ஆடும்போது அங்கே நின்ற இடத்தில் நாலு மார்ச் போட்டால் சரியாகிவிடும். இதைக் கவனிக்காமல் விட்டால் அதன்பிறகு பாட்டு முடியும் வரை ஆட்டம் அரை எட்டு தள்ளியே ஓடும். பாடகர் வரியைத் தொடங்கும்போது மாணவர்கள் ஒரு ஸ்டெப்பின் நடுவில் இருந்தால், நடந்தது இதுதான்.

எந்தக் கால் காலியாக இருக்கிறது?

தொகுப்பு அமைப்பதில் பலர் தடுமாறும் இடம் இது. ஒவ்வொரு ஸ்டெப்பும் முடியும்போது ஒரு காலில் உடல் எடை இருக்கும், மற்றக் கால் காலியாக இருக்கும். அடுத்த ஸ்டெப்பைக் காலியான கால்தான் தொடங்க முடியும்.

மார்ச் எட்டு போட்டால் வ-இ-வ-இ என்று போய் இடது காலில் முடியும். வலது கால் மறுபடி காலி. ஆகவே மாற்றமில்லை. வி ஸ்டெப்பும் அப்படியே: வலது கால் முன்னே விரித்து, இடது கால் முன்னே விரித்து, வலது உள்ளே, இடது உள்ளே, நாலு தட்டு, நாலிலும் எடை மாறுகிறது. கிரேப்வைன் வேறுமாதிரி. வலது கால் பக்கத்தில், இடது கால் அதற்குப் பின்னால் குறுக்கே, வலது மறுபடி பக்கத்தில், நாலாவது தட்டில் இடது கால்விரல் தரையைத் தொடும், அவ்வளவுதான். அதன்மேல் எடை விழாததால் இடது கால் காலியாக நிற்கிறது. அடுத்த கிரேப்வைன் தானாக இடது பக்கம் போகும்.

இனி தொகுப்பு:

- முதல் எட்டு: வலப்பக்கம் ஒரு கிரேப்வைன், இடப்பக்கம் ஒன்று. வலது கால் காலி.
- இரண்டாம் எட்டு: வி ஸ்டெப் இரண்டு. வலது கால் காலி.
- மூன்றாம் எட்டு: வ-இ-வ என மூன்றடி முன்னே நடந்து, நாலில் இடது முழங்கால் தூக்கிக் கைதட்டல், இ-வ-இ எனப் பின்னே வந்து, எட்டில் வலது கால்விரலால் தொடுதல். வலது கால் காலி.
- நான்காம் எட்டு: மூன்று முழங்கால் தூக்கல். 1-ல் வலது கால் முன்னே. 2-ல் இடது முழங்கால் மேலே, 3-ல் அதே கால் பின்னால் தொடுதல், 4 மேலே, 5 தொடுதல், 6 மேலே. 7-ல் இடது கால் பின்னே ஊன்றி, 8-ல் வலது கால் பக்கத்தில் வந்து எடை ஏற்கும்.

கடைசியில் இடது கால் காலி. இதே 32-ஐ அப்படியே இடது காலில் தொடங்கலாம். இடையில் எதையும் ஒட்டுப்போட வேண்டியதில்லை. அதற்காகத்தான் நான்காம் எட்டில் இந்த ஸ்டெப்பை வைத்தேன். அங்கே வி ஸ்டெப் இரண்டு வைத்திருந்தால், பாட்டு முழுவதும் வலது காலே தொடங்கிக்கொண்டிருக்கும். ஒரு பக்க இடுப்புக்கும் முழங்காலுக்குமே வேலை கூடும், உடல் சீராகப் பழகாது.

நீங்களே வேறு தொகுப்பு அமைக்கும்போது, ஒவ்வொரு எட்டின் முடிவிலும் 'வ காலி' அல்லது 'இ காலி' என்று எழுதிக்கொண்டே வாருங்கள். நான்காவதன் முடிவில் 'இ காலி' வரவேண்டும்.

பல்லவி 8 எட்டு என்றால் வலம் ஒரு முறை, இடம் ஒரு முறை. முன்னிசைக்கு மார்ச். சரணத்துக்குப் புதிதாக ஒன்றும் கற்றுத்தர வேண்டாம். முதல் சரணத்தில் ஒரு காலைப் பக்கத்தில் வைத்து மற்றக் காலால் அதனருகே தொடும் ஸ்டெப் டச்சும் அடுத்த சரணத்தில் முழங்கால் மாற்றித் தூக்குவதும் போதும். அந்தச் சுலபமான பகுதியில்தான் பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு, பல்லவிக்குத் தயாராவார்கள்.

சொல்லிக்கொடுக்கும் வரிசை

பாட்டு இல்லாமல், எண்ணிக்கையோடு, மெதுவாகக் கால் மட்டும். கையசைவைக் கடைசியில் சேருங்கள். கை முதலிலேயே வந்தால் கவனம் கைக்குப் போய், கால் தொலைந்துவிடும்.

முதல் எட்டை நாலு முறை ஆடவையுங்கள், இரண்டாம் எட்டை நாலு முறை. பிறகு ஒன்றும் இரண்டும் சேர்த்து. மூன்றையும் நான்கையும் அதேபோலத் தனியாகச் சேர்த்து, கடைசியில் நாலையும் இணையுங்கள். நான்காம் எட்டைத் தனியாகப் பழக்கும்போது அது ஒவ்வொரு முறையும் பக்கம் மாறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் நாளில் இந்த 32 நிற்கட்டும். இடப்பக்கத்தை இரண்டாம் நாள் எடுக்கலாம்.

அடுத்த ஸ்டெப்பின் பெயரை, நடக்கிற எட்டின் 5, 6 மேல் சொல்லி முடியுங்கள். 7, 8 இரண்டையும் உரக்க எண்ணுங்கள். 'அஞ்சு' வருவதற்குள் சொன்னால் அவசரக்காரர்கள் உடனே மாறிவிடுவார்கள். 8 மேல் சொன்னால் யாருக்கும் நேரமிருக்காது. மாணவர்களைப் பார்த்து நின்று ஆடினால் 'வலது' என்று சொல்லிக்கொண்டே உங்கள் இடது காலை எடுங்கள், கண்ணாடி போல. இதை வீட்டிலேயே பழகிவிட்டு வாருங்கள். வகுப்பில் ஒரே ஒரு முறை நீங்கள் தடுமாறினாலும் முன்வரிசை முழுக்கக் குழம்பிவிடும்.

எங்கே தவறும்

கிரேப்வைனின் நாலாவது தட்டில்தான் மிகுதியாகத் தவறும். தொட வேண்டிய காலை ஊன்றிவிடுவார்கள். உடனே அந்தப் பிள்ளைக்கு வலது கால் காலியாகி, எல்லோரும் இடப்பக்கம் போகும்போது அவர் மட்டும் வலப்பக்கம் போய்ப் பக்கத்தில் இருப்பவர் மேல் மோதுவார். 'தப்பு' என்று சொல்வதால் சரியாகாது. நாலில் ஒரு கைதட்டலைச் சேர்த்து, குதிகால் தரையில் படக்கூடாது என்று மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றில் சரியாகிவிடும்.

நான்காம் எட்டில் முழு எடையும் நெடுநேரம் ஒரே காலில் நிற்கிறது. அந்த முழங்கால் விறைத்துப் போகாமல் லேசாக மடங்கியிருக்க வேண்டும். இந்த வயதில் எலும்பு வேகமாக வளர்வதால், முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வலி வருவது சகஜம், அதுவும் குதிக்கும்போது. அப்படிச் சொல்கிற பிள்ளை எல்லா ஸ்டெப்பையும் குதிக்காமல் ஆடட்டும். வலி விடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் ஒரே காலில் தொடர்ந்து நாலு குதிக்கு மேல் வைக்காதீர்கள். சிமென்ட் தரையில் வெறுங்காலோடு ஆட விடாதீர்கள்.

ஆட்டத்தின் கடுமையைக் கூட்ட வேண்டுமென்றால் பாட்டை மாற்றாமல் ஸ்டெப்பைப் பெரிதாக்கலாம். முதல் சுற்றில் சாதாரணமாக, இரண்டாவதில் கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோய், மூன்றாவதில் முழங்கால் தூக்கும் இடங்களில் ஒரு சின்னத் துள்ளல். ஆடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முழு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். மூச்சு சற்று வாங்கினாலும் பேச முடிந்தால் அளவு சரி. இரண்டு சொல்லோடு நின்றுவிட்டால் அடுத்த சுற்றில் துள்ளலை எடுத்துவிடுங்கள். பாட்டு முடிந்ததும் உட்கார விடாமல் இரண்டு மூன்று நிமிடம் மார்ச் போட வையுங்கள், வேகம் குறைந்துகொண்டே வரட்டும்.

பாட்டு மெல்லத் தேய்ந்து மறையும் வகையாக இருந்தால், பல்லவி கடைசியாக முடியும் இடத்திலேயே ஒலியை வெட்டிவிடுங்கள். 8-க்கு அடுத்த ஒன்றாவது தட்டில் இரண்டு காலும் விரித்து, கை மேலே தூக்கி எல்லோரும் ஒன்றாக நிற்கட்டும்.