நோவு வலப்பக்கம், தடி இடப்பக்கம்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு வலது முட்டியில் வலி. தடியையும் வலது கையிலேயே ஊன்றினார். தோளும் வலிக்க ஆரம்பித்தபோதுதான் கவனித்தேன், தடி உயரம் அதிகம்.

வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொன்னேன். கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். அலுமினியத் தடி, குமிழை அழுத்தி இரண்டு துளை இறக்கினேன். இப்போது பிடித்தால் முழங்கை இலேசாக மடிகிறது.

பிறகு இடது கைக்கு மாற்றினோம். “நோவு இந்தப் பக்கம், தடி அந்தப் பக்கமாய்யா?” என்றார். வலது காலும் இடது கைத் தடியும் சேர்ந்து முன்னே போனால்தான் வலிக்கிற முட்டியில் பாரம் குறையும். நாலைந்து நாளில் ஒட்டுக்கடைவரை நடந்தார்.

அடி ரப்பரின் வரிகளும் தேய்ந்து மழமழவென்றிருந்தன. ஈரச் சிமெண்டில் வழுக்கிவிடும் என்று அன்றே மாற்றினேன்.