ஆர்டர் தாமதமா? ஒரு நிமிட மன்னிப்பு வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் முறை

வீட்டிலிருந்து பொருள் செய்து விற்பவர்களுக்கு ஆர்டர் தாமதமாகும்போது கேமரா முன் என்ன பேசுவது என்பதில்தான் குழப்பம். பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று: ஏன் தாமதம், எப்போது வரும், அவருக்கு என்ன ஈடு. வருத்தத்தை ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும், மீதி நேரம் முழுக்க இந்த மூன்றுக்கும்தான்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒருவர் கையால் கோல்ட் பிராசஸ் சோப்பு செய்கிறார், அதாவது எண்ணெயையும் காஸ்டிக் சோடா கரைசலையும் கலந்து, அடுப்பில் காய்ச்சாமல் அச்சில் ஊற்றும் சோப்பு. எடை மெஷின் தவறாகக் காட்டியதால் காஸ்டிக் சோடா கூடிவிட்டது. அந்தச் சோப்பு தோலை எரிக்கும், விற்க முடியாது. 60 ஆர்டர்கள் நிற்கின்றன.

படி 1: தேதியைக் கணக்குப் போடுங்கள்

எழுத உட்காரும் முன் இதை முடித்துவிடுங்கள். புதிய சோப்பு மார்ச் 2 அன்று அச்சில் ஊற்றப்பட்டது. இவ்வகைச் சோப்பு நன்றாகக் காய்ந்து இறுக நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். இவர் வழக்கமாக விடுவது நான்கு வாரம், அதாவது 28 நாள், மார்ச் 30 வரை. ஒரு நாளைக்கு 20 பார்சல் கட்ட முடியும் என்றால் ஏப்ரல் 2 அன்று வேலை முடியும். அதோடு மூன்று நாள் சேர்த்து ஏப்ரல் 5 என்று சொல்லுங்கள். அதையும் ‘அனுப்பும் தேதி’ என்றே சொல்லுங்கள். கூரியர் எத்தனை நாள் எடுக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

படி 2: ஈட்டை முடிவு செய்யுங்கள்

அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி கூப்பன் தருவதை நான் ஈடாகக் கருதுவதில்லை. ஏற்கெனவே காத்திருப்பவரை இன்னொரு முறை வாங்கச் சொல்வதுதான் அது. காத்திருப்பவருக்கு டெலிவரி கட்டணம் திரும்ப வரட்டும், வேண்டாம் என்பவருக்கு முழுப் பணமும் திரும்பப் போகட்டும். டெலிவரி கட்டணத்தை 60ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகை கையில் இருக்கிறதா? எல்லோருமே பணத்தைக் கேட்டால் சமாளிக்க முடியுமா? முடியும் என்றால் மட்டும் வீடியோவில் சொல்லுங்கள்.

படி 3: ஸ்கிரிப்ட்

> “வணக்கம். பிப்ரவரி 10 முதல் 28 வரை சோப்பு ஆர்டர் செய்த 60 பேருக்கும் இன்னும் பார்சல் அனுப்பவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.
>
> என் எடை மெஷின் தவறாகக் காட்டியதை நான் கவனிக்கவில்லை. அதனால் காஸ்டிக் சோடா கூடிவிட்டது. அந்தச் சோப்பு தோலுக்கு ஆகாது, மொத்தத்தையும் ஒதுக்கிவிட்டேன்.
>
> மார்ச் 2 அன்று புதிதாகச் செய்துவிட்டேன். அது காய 28 நாள் ஆகும், அவசரப்படுத்த முடியாது. ஏப்ரல் 5க்குள் எல்லாப் பார்சலையும் அனுப்பிவிடுவேன். இனி ஒவ்வொரு முறை செய்வதற்கு முன்பும் மெஷினை எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பேன்.
>
> காத்திருக்கும் எல்லோருக்கும் டெலிவரி கட்டணத்தை இந்த வெள்ளிக்கிழமைக்குள் நானே திருப்பி அனுப்புகிறேன், நீங்கள் கேட்க வேண்டியதில்லை. ஆர்டரே வேண்டாம் என்றால் ஆர்டர் எண்ணோடு ‘ரத்து’ என்று மெசேஜ் அனுப்புங்கள். இரண்டு நாளில் முழுப் பணமும் வந்துவிடும்.”

படி 4: வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள்

போனில் நேரம் வைத்துப் படியுங்கள். ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் எங்கோ சமாதானம் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். ‘எதிர்பாராத காரணங்களால்’, ‘கூடிய விரைவில்’, ‘சிரமம் ஏற்பட்டிருந்தால்’ போன்றவை இருந்தால் அடித்துவிடுங்கள். முதலாவது காரணத்தை மறைக்கிறது, இரண்டாவது தேதியை மறைக்கிறது. மூன்றாவது, சிரமமே இல்லையோ என்று சந்தேகப்படுகிறது! ‘தாமதம் ஏற்பட்டுவிட்டது’ என்ற இடத்தில் ‘நான் அனுப்பவில்லை’ என்று எழுதுங்கள். ‘ஒரே ஆளாகச் செய்கிறேன், புரிந்துகொள்ளுங்கள்’ என்பதும் வேண்டாம். அது வாடிக்கையாளர் தானாகச் சொன்னால்தான் அழகு.

படி 5: எடுப்பது, வெளியிடுவது

ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், பின்னணி இசை வேண்டாம். பலர் சத்தமில்லாமல் பார்ப்பார்கள், அதனால் தேதியும் ஈடும் திரையில் எழுத்தாக வரட்டும். வீடியோவைப் போடுவதற்கு முன்பே அந்த 60 பேருக்கும் தனித்தனியாக மெசேஜ் போய்விட வேண்டும். தன் பார்சலின் நிலையை ஊரோடு சேர்ந்து தெரிந்துகொள்வது யாருக்கும் பிடிக்காது.

அப்புறம், மார்ச் கடைசியில் ஒரு சோப்பை எடுத்து அழுத்திப் பாருங்கள். இன்னும் மெத்தென்று இருந்தால் ஏப்ரல் 5 வரும்வரை காத்திருக்காமல் அன்றே புதிய தேதியை அறிவியுங்கள். ரத்து செய்யும் வாய்ப்பையும் மறுபடி கொடுங்கள்.