‘ஹை சொசைட்டி’ ஏலத்தில் எதிராளி கையிருப்பைக் கணக்கிடும்போது வரும் தவறுகள்

ஏல ஆட்டங்களில் எதிராளியின் பணத்தை எடைபோடக் கற்றுக்கொள்ள, ரைனர் க்னிட்சியா 1995இல் வடிவமைத்த ‘ஹை சொசைட்டி’ போல வசதியான ஆட்டம் வேறில்லை. ஆளுக்கு 11 பணச்சீட்டு. ஆயிரங்களை விட்டுவிட்டுச் சொன்னால் 1, 2, 3, 4, 6, 8, 10, 12, 15, 20, 25. மொத்தம் 106. எல்லோருக்கும் ஒரே சீட்டுகள். ஏலத்தில் வைப்பதும் திறந்தே வைப்பதால், யாரிடம் என்ன மிச்சம் என்பது ஞாபகம் வைத்திருப்பவருக்குத் தெரியும்.

பாளையங்கோட்டையில் நாங்கள் நாலு பேர் இதை ஆடுவோம்: அண்ணாச்சி, மதினி, தம்பி, நான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தடுக்குவது ஒரே இடத்தில்தான். ‘அவனிடம் எவ்வளவு இருக்கிறது’ என்று மட்டும் பார்ப்பார்கள். எந்தெந்தச் சீட்டாக இருக்கிறது என்று பார்ப்பதில்லை. இந்த ஆட்டத்தில் பாக்கிச் சில்லறை கிடையாது. வைத்த சீட்டை எடுத்து மாற்றவும் முடியாது, அதன்மேல் கூட்டத்தான் முடியும். விலகினால் மட்டும் வைத்தது முழுக்கக் கைக்குத் திரும்பும்.

ஒரு ஆட்டத்தின் நடுவே 4 புள்ளி மதிப்புள்ள பொருள் ஏலத்துக்கு வந்தது. தம்பியிடம் 82 இருந்தது, ஆனால் எல்லாம் பெரிய சீட்டு: 10, 12, 15, 20, 25. அண்ணாச்சியிடம் 61தான். ஆனால் 1, 4, 6, 8, 10, 12, 20 என்று சில்லறையாக இருந்தது. மதினியும் நானும் விலகிவிட்டோம். அண்ணாச்சி 8 வைத்தார், தம்பி 10 வைத்தான். அண்ணாச்சி மேலே ஒரு 4 போட்டு 12 ஆக்கினார். இனி தம்பி கூட்டினால் குறைந்தது 22.

“ஏல, நாலு பாயிண்ட்டுக்கு 22 ரொம்ப அதிகம்லா” என்றார் அண்ணாச்சி.

“போங்க அண்ணாச்சி, நீங்களே வச்சுக்கிடுங்க” என்று விலகிவிட்டான். ஐநூறு ரூபாய் நோட்டோடு டவுன் பஸ் ஏறின கதைதான் அவனுக்கு. அவனுடைய 82ஐப் பார்த்துப் பயந்திருந்தால் அண்ணாச்சிக்கு அந்தப் பொருள் கிடைத்திருக்காது. அவர் 1ஐ வெளியே விடாததையும் கவனியுங்கள். சரியான நேரத்தில் ஒன்றே ஒன்று கூட்டுவதற்கு அதை விட்டால் சீட்டு இல்லை.

அடுத்த தவறு, பொருளுக்கு எல்லோருக்கும் ஒரே விலை என்று நினைப்பது. அதே ஆட்டத்தில் அடுத்து இரட்டிப்புச் சீட்டு வந்தது. அது கையில் உள்ள புள்ளியை இரண்டால் பெருக்கும். அதுவரை 48 புள்ளிக்கு நாலு பேருமாக 123 கொடுத்திருந்தோம், அதாவது புள்ளிக்குச் சுமார் 2.5. தம்பியிடம் 16 புள்ளி. ஆகவே அந்தச் சீட்டு அவனுக்கு 40 பெறும். 3 புள்ளி வைத்திருந்த எனக்கு 7, 8க்கு மேல் பெறாது. பிறகு வாங்கப்போவதும் இரட்டிக்கும் என்பதால் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் தம்பி 40 வரை வருவானா? மாட்டான். ஆட்ட முடிவில் யாரிடம் பணம் குறைவோ, அவர் எத்தனை புள்ளி வைத்திருந்தாலும் வெளியே. அண்ணாச்சியிடம் இப்போது 49. தம்பி 40 கொடுத்தால் 42தான் மிஞ்சும். பயமில்லாமல் அவன் போகக்கூடியது, 50ஐ மிச்சம் வைத்து, 32 வரைதான். பணச்சீட்டைப் பார்த்தால் 20 வைத்தவன் அடுத்து 30க்கோ 32க்கோதான் போக முடியும். அதனால் அவன் 20இல் நின்றபோது 21 சொன்னேன், 30 ஆக்கினான். அதோடு நான் விலகிவிட்டேன். நான் 31 சொன்னால் 32க்குப் போக அவனிடம் சீட்டு இல்லை. 10 ஏற்கெனவே கீழே இருக்கும்போது 12 போட்டால் 42 ஆகிவிடும். எனக்கு எட்டு பெறாத பொருள் 31க்குத் தலையில் விழுந்திருக்கும்.

இந்த ஆட்டத்தில் யாருக்கும் பணம் கூடுவதே இல்லை. அதனால் இப்போதே ஒருவரைவிட ஒன்று அதிகமாக வைத்திருந்தால், நீங்கள் செலவு செய்யாதவரை அவர் உங்களை முந்த முடியாது. பலர் இதை யோசிக்காமல் 60, 70 என்று கட்டிக்காத்து, புள்ளியில் தோற்கிறார்கள். ஏழ்மையான எதிராளியின் இருப்புக்கு மேல் ஒன்று போதும். அவர் இறங்க இறங்க நீங்களும் இறங்கலாம்.

வேண்டாத சீட்டு வரும்போது எல்லாம் தலைகீழ். முதலில் விலகுபவர் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்தச் சீட்டை ஏற்க வேண்டும், மற்றவர்கள் வைத்தது போய்விடும். தம்பி மாதிரிச் சில்லறை தீர்ந்தவர், 5 புள்ளி குறைக்கும் சீட்டைத் தவிர்க்கவே குறைந்தது 12 தர வேண்டும். அவர் சீக்கிரம் விலகிவிடுவார் என்று எதிர்பார்த்து, நீங்கள் 1, 2 என்று சின்னதாகவே தொடங்கலாம்.