அப்பா, வச்சிட்டு நீங்களே கூப்பிடுங்க

அப்பா, பேங்க்ல இருந்து பேசுறோம்னு உங்களுக்கு கால் வந்துச்சுன்னு சொன்னீங்களே, எனக்கும் இங்க அப்படி ஒண்ணு வந்துச்சு. பேங்க்ல இருந்துன்னு சொல்லி, என் பேரையும் சரியாச் சொன்னான். "நானே கூப்பிடுறேன்"னு வச்சிட்டு, கார்டு பின்னால அச்சடிச்ச நம்பருக்குப் போட்டேன். அவங்க யாரும் கூப்பிடவே இல்லையாம்.

நீங்களும் அதையே செய்யுங்க. திரையில பேங்க் பேரே வந்தாலும் நம்பாதீங்க, அதை மாத்திக் காட்ட முடியும். அவன் தர்ற நம்பர் வேண்டாம். கூகுள்ல தேடவும் வேண்டாம், அங்கயும் போலி நம்பர் போட்டு வைக்கிறாங்க. கேஒய்சி காலாவதி ஆயிடுச்சு, ராத்திரி கணக்கு முடங்கிடும்னு விரட்டினா கிளைக்கே நடந்து போங்க, ரெண்டு தெருதானே. ஏதாவது ஆப் போடச் சொன்னா பேச்சே வேண்டாம். உங்க திரை அவனுக்குத் தெரிஞ்சிடும், ஓடிபி உட்பட. பணம் போயிருந்தா முதல்ல சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிங்க, அப்புறம் எனக்கு.