ஐஆர்ஆர் அதிகம் என்பதால் மட்டும் ஒரு திட்டம் சிறந்ததாகிவிடாது

நிகர நிகழ்கால மதிப்பையும் (என்பிவி) உள்ளக ஈட்டு வீதத்தையும் (ஐஆர்ஆர்) கணக்கிடுவதில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவதில்லை. இரண்டும் முரண்படும்போது எதை நம்புவது என்பதில்தான் தவறுகிறார்கள்.

ஓர் ஆலை இரண்டு இயந்திரங்களில் ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்று கொள்வோம். இரண்டின் விலையும் 10 லட்சம் ரூபாய். 'அ' முதலாண்டு இறுதியில் 10 லட்சமும் இரண்டாம் ஆண்டு இறுதியில் 2 லட்சமும் தரும். 'ஆ' முறையே 2 லட்சமும் 11 லட்சமும் தரும். ஐஆர்ஆர் 'அ'வுக்கு 17.1 சதவீதம், 'ஆ'வுக்கு 15.4 சதவீதம். ஆனால் 8 சதவீதத் தள்ளுபடி வீதத்தில் என்பிவி 'அ'வுக்கு 0.97 லட்சம், 'ஆ'வுக்கு 1.28 லட்சம்.

இங்கே ஐஆர்ஆரைப் பார்த்து 'அ'வைத் தேர்ந்தெடுப்பதுதான் பரவலான பிழை. அதைக் கண்டுகொள்ள, 'ஆ'விலிருந்து 'அ'வைக் கழித்துப் பார்க்க வேண்டும். 'ஆ'வை எடுப்பவர் முதலாண்டில் 8 லட்சத்தை விட்டுக்கொடுத்து, அடுத்த ஆண்டில் 9 லட்சத்தைக் கூடுதலாகப் பெறுகிறார். அதாவது ஓராண்டுக்கு 12.5 சதவீத ஈட்டம். அந்த 8 லட்சத்தை முன்கூட்டியே வாங்கி வேறெங்காவது 12.5 சதவீதத்துக்கு மேல் ஈட்ட முடிந்தால்தான் 'அ' மேல். மூலதனத்துக்கு ஆகும் செலவு 8 சதவீதமே என்றால் 'ஆ'வே சரி. அதுவே 14 சதவீதமானால் என்பிவியும் 'அ'வின் பக்கம் சாய்ந்துவிடும்.

பணவரவின் குறி ஒரு முறைக்கு மேல் மாறினால் சிக்கல் இன்னும் கூடும். ஒரு சுரங்கத்தில் 100 லட்சம் முதலீடு, முதலாண்டு இறுதியில் 230 லட்சம் வரவு, இரண்டாம் ஆண்டு இறுதியில் அதை மூடிச் சீரமைக்க 132 லட்சம் செலவு என்றால், 10 சதவீதம், 20 சதவீதம் என இரண்டு ஐஆர்ஆர்கள் கிடைக்கும். 10 சதவீதம் 8-ஐ விட அதிகம்தானே என்று திட்டத்தை ஏற்பவர், 8 சதவீதத்தில் என்பிவி எதிர்மறை என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்.

எக்செலிலும் ஒரு பொறி உண்டு. அதன் NPV சார்பு, கொடுக்கப்படும் முதல் தொகையை முதலாண்டு இறுதியில் வருவதாகவே எடுத்துக்கொள்ளும். B1-இல் முதலீடு எதிர்மறை எண்ணாகவும் B2, B3-இல் வரவுகளும் இருந்தால், எழுத வேண்டியது இது:

```
=B1+NPV(8%,B2:B3)
```

B1:B3 என்று மொத்தமாகக் கொடுத்தால், 'ஆ'வின் 1.28 லட்சம் 1.19 லட்சமாகச் சுருங்கிவிடும். விடையின் குறி மாறாது; ஐஆர்ஆரைத் தள்ளுபடி வீதமாகப் போட்டுச் சரிபார்த்தாலும் பூஜ்யமே வரும். அதனால் இந்தப் பிழை பெரும்பாலும் அட்டவணையைக் கையால் கணக்கிட்டு ஒப்பிடும்போதுதான் பிடிபடுகிறது.