மானிட்டரின் கான்ட்ராஸ்ட் கோடியில் இருந்தால் வகுத்துப் பாருங்கள்

மானிட்டரின் விவரப் பட்டியலில் கான்ட்ராஸ்ட் 1,00,00,000:1, அதாவது வெள்ளை கறுப்பைவிட ஒரு கோடி மடங்கு பிரகாசம் என்று இருந்தால் ஒரு சின்ன வகுத்தல் போதும். பிரகாசம் 300 நிட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதைக் கோடியால் வகுத்தால் கறுப்பின் அளவு 0.00003 நிட்ஸ். பிக்சலே அணையும் ஓஎல்இடியில் சரி. பின்விளக்கு எரிந்துகொண்டிருக்கும் சாதாரண எல்சிடியில் நடக்காத காரியம். திரை முழுக்கக் கறுப்பாகும்போது விளக்கை மங்கவைத்தோ அணைத்தோ போட்ட 'டைனமிக்' கணக்கு அது. வெள்ளையும் கறுப்பும் ஒரே காட்சியில் வரும்போது அது உதவாது.

விளக்கை மாற்றாமல் அளந்த 'ஸ்டாட்டிக்' அல்லது 'டிபிகல்' என்ற வரியைத் தேடுங்கள். எல்சிடியில் ஒரு வகையான ஐபிஎஸ் பேனலில் 1000:1 என்றால் கறுப்பு 0.3 நிட்ஸ்; இருட்டறையில் சாம்பல் பூத்தது போலத் தெரியும். இன்னொரு வகையான விஏ பேனலின் 3000:1 என்றால் 0.1 தான். இரவில் படம் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. வெளிச்சமான அறையில் திரையில் பட்டுத் தெறிக்கும் ஒளியே அதை விழுங்கிவிடும்.

அப்புறம், '125% எஸ்ஆர்ஜிபி' என்பது, எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான வண்ணத் தரத்தோடு ஒப்பிட்ட வண்ணப் பரப்பின் அளவு. அந்தத் தரத்தின் வண்ணங்களில் எவ்வளவு திரையில் வரும் என்ற 'கவரேஜ்' 100%-ஐத் தாண்டவே முடியாது. ரெஸ்பான்ஸ் டைம் '1 மில்லிசெகண்ட்' என்பதன் பக்கத்தில் எம்பிஆர்டி என்றிருந்தால், அது பெரும்பாலும் பின்விளக்கை விட்டுவிட்டு எரியவைத்துப் பெற்ற எண்; பிக்சல் நிறம் மாறும் வேகம் அல்ல. அந்த வசதியைப் போட்டால் திரையும் மங்கும்.